நெவேனா எடுத்த ஊமைப்படம்

நெவேனாவுக்குத் தலைமுடியைப் பற்றித் தெரிந்த அளவு மனிதர்களைப் பற்றித் தெரியாது. இதை அவள் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறேன். அவளுடைய சலூனுக்கும் என் தையல் கடைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான். அந்தச் சுவர் வழியாக அவள் உலர்த்தியின் இரைச்சல் எனக்கும், என் தையல் மெஷினின் கடகடப்பு அவளுக்கும் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. எங்கள் தான்யூப் கரை ஊரில் இளவட்டம் பாதி ஜெர்மனிக்குப் போய்விட்டது. மிச்சம் இருக்கும் கிழவிகளின் நரையைத்தான் அவள் சிவப்பாகவும் பழுப்பாகவும் மாற்றிக்கொண்டிருந்தாள். கிழவிகள் அவளிடம் மருமகளைத் திட்டுவார்கள், மகனைத் திட்டுவார்கள். அவள் "ஆமாம்மா, ஆமாம்மா" என்று எல்லாருக்கும் தலையாட்டுவாள். யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னவள் இல்லை. அதுதான் அவளுடைய நோய்.

அந்த நோயோடு போய் அவள் கட்டிக்கொண்டது ஒக்னியானை. சந்தையில் செல்போன் கடை வைத்திருந்தவன். உடைந்த கண்ணாடி மாற்றுவான், சார்ஜர் விற்பான், கிழவர்களுக்குப் பேரப்பிள்ளையின் முகம் திரையில் தெரியும்படி செய்துகொடுப்பான். பார்க்க லட்சணமானவன், எப்போதும் சிரித்த முகம். அவனை ஊரே மெச்சியது. நான் மெச்சவில்லை. என்னிடம் கால்சட்டை தைக்கக் கொடுத்துவிட்டு, அளவு எடுக்கும்போது என் கைநடுக்கத்தைப் பார்த்து, "என்ன அக்கா, காலையிலேயே ரக்கியா சாராயமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டவன். என் கணவரைப் புதைத்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. சிரிப்பு மாறாமல் குத்துகிறவனை நம்பவே கூடாது.

அவர்களுக்குக் கலினா பிறந்தாள். காது கேட்காது. நெவேனா விழுந்து விழுந்து சைகை மொழி கற்றுக்கொண்டாள். ஒக்னியான் ஒரு சைகைகூடக் கற்றுக்கொள்ளவில்லை. மகளிடம் பேச வேண்டுமென்றால் கொட்டாவி விடும் மாடு மாதிரி வாயை அகட்டி, ஒவ்வொரு எழுத்தாக இழுப்பான். குழந்தை திருதிருவென்று விழிக்கும். "பாருங்க, மண்டையில ஒண்ணும் ஏற மாட்டேங்குது" என்று சுற்றி நிற்பவர்களிடம் சிரிப்பான். அவன் அப்படி வாயைக் கோணுவதால்தான் புரியவில்லை, சாதாரணமாகப் பேசினால் அவள் உதட்டைப் பார்த்தே படித்துவிடுவாள் என்று கலினாவின் பள்ளி டீச்சர் ஒருமுறை அவனிடம் சொன்னாராம். அவன் காதில் போட்டுக்கொண்டால்தானே.

கலினாவுக்குப் பத்து வயது ஆனபோது நெவேனா அவனை விட்டு வந்தாள். ஏன் என்று சொல்லவில்லை. தோளில் துண்டு போட்டு மறைத்துக்கொண்டு வந்தவளிடம் ஏன் என்று கேட்க வேண்டியதும் இல்லை. சலூனுக்கு மேலேயே ஓர் அறை எடுத்துக்கொண்டாள். கலினா காது கேளாதோர் பள்ளியில் தங்கிப் படித்தாள், அங்கே வாயால் பேசவும் சொல்லிக்கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை பேருந்தில் வருவாள்.

பிறகு அழைப்புகள் ஆரம்பித்தன, வீடியோ அழைப்புகள். "பிள்ளையைப் பத்திப் பேசணும்" என்பான். எடுக்காவிட்டால் நேரில் வந்து கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று சிரிப்பான். வாடிக்கையாளர்கள் கையாட்டுவார்கள். அதற்குப் பயந்து அவள் எடுத்துவிடுவாள். யாரும் கேட்டுவிடக் கூடாதென்று காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, சாயப் பெட்டிகள் அடுக்கிய பின்னறைக்குப் போவாள். திரும்பி வரும்போது அவள் முகத்தில் ரத்தம் இருக்காது.

"என்னடீ சொல்றான்?"

"ஒண்ணும் இல்ல அக்கா."

"ஒண்ணும் இல்லாததுக்கா கை இப்படி ஆடுது? கத்தரிக்கோலைக் கீழ வை. கிழவி காதை அறுத்துடப் போறே."

ஒருநாள் சொன்னாள். சாயத்துக்குக் கலக்கும் மருந்தை எனக்குக் காட்டினாள். இதே மாதிரி ஒன்றை, ஆனால் இதைவிட வீரியமானதை, முகத்தில் ஊற்றுவேன் என்கிறானாம். சிரித்துக்கொண்டே சொல்கிறானாம். முத்தம் கொடுப்பதுபோல் உதட்டைக் குவித்துக் காட்டிவிட்டு மறுபடியும் அதையே சொல்கிறானாம்.

நான்தான் அவளை வக்கீலிடம் இழுத்துப் போனேன். வக்கீல் பெண் கெட்டிக்காரிதான். "பக்கத்துல வரக் கூடாதுன்னு கோர்ட்டுல உத்தரவு வாங்கலாம். ஆனா வெறும் வாய்ப்பேச்சா இருந்தா அவன் இல்லைன்னு சத்தியம் பண்ணுவான். ஆதாரம் சேருங்க" என்றாள். நெவேனா செல்போனில் திரையைப் பதிவுசெய்யும் வசதியைக் கண்டுபிடித்தாள். எந்தச் சத்தம் வேண்டும் என்று அது கேட்டது. ஃபோனுக்குள் ஓடும் சத்தம், மைக்கில் விழும் சத்தம் இரண்டையும் தேர்ந்தெடுத்தாள். சரியாக வருகிறதா என்று ஒரு கல்யாணப் பாட்டு வீடியோவை ஓடவிட்டுப் பதிந்து பார்த்தோம். மேளமும் கிளாரினெட்டும் கணீரென்று கேட்டன. அன்றைக்கு இரண்டு பேரும் ஆளுக்கொரு பாலாடைக்கட்டிப் பனிட்சா வாங்கிச் சாப்பிட்டோம். இனி அவன் கதை முடிந்தது என்று நினைத்தோம்.

குளிர்காலம் முழுக்க அவள் பதிந்துகொண்டே இருந்தாள். அழைப்பு வரும், எடுப்பாள், உடனே திரையை மேலிருந்து விரலால் இழுத்துச் சிவப்புப் புள்ளி வரவைப்பாள். முடிந்ததும் வக்கீலுக்கு அனுப்பிவிடுவாள். எதையும் திரும்பப் போட்டுப் பார்த்ததில்லை. ஒருமுறை கேட்டதே போதும், இரண்டாவது முறை தாங்காது என்றாள். வக்கீலோ கட்டுக்கட்டாக வழக்கு வைத்திருப்பவள். திறந்து, அவன் முகம் தெரிகிறதா என்று பார்த்து மூடிவைத்துவிட்டாள். அலுவலகக் கணினியில் ஸ்பீக்கரே கிடையாதாம். இந்த அழகில் நாங்கள் நீதிமன்றத்துக்குப் போனோம்.

நானும் சாட்சி. நீதிபதி அம்மாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "அவர் மிரட்டினதை நீங்க உங்க காதால கேட்டீங்களா?"

"கேக்கலை. ஆனா இவ முகத்தைப் பார்த்தேன்."

"முகத்தைப் பார்த்ததை நான் எழுத முடியாதும்மா."

பிறகு வீடியோவைப் போட்டார்கள். சுவரில் இருந்த பெரிய திரை முழுக்க ஒக்னியானின் முகம். மூலையில் சின்னக் கட்டத்தில் நெவேனா. அவன் வாய் அசைகிறது. சத்தம் இல்லை. குமாஸ்தா ஒலியைக் கூட்டினான். சத்தம் இல்லை. வேறு ஸ்பீக்கர் கொண்டுவந்து மாட்டினான். உஸ்ஸென்ற இரைச்சல்கூட இல்லை. அடுத்த வீடியோ, அதற்கடுத்தது, எல்லாமே ஊமை. திரையில் அவன் சிரிக்கிறான், கண்ணைச் சிமிட்டுகிறான், உதட்டைக் குவித்து முத்தம் கொடுக்கிறான். பார்க்கிறவர்களுக்குப் பெண்டாட்டியைப் பிரிந்து ஏங்கும் புருஷன்தான் தெரிந்தான். மூலைக் கட்டத்தில் இருந்தவளோ உர்ரென்று, கல்லைப் போல இருந்தாள்.

"என்ன சொல்லிட்டு இருந்தீங்க?" என்று நீதிபதி அவனிடம் கேட்டாள்.

"திரும்பி வந்துடுன்னு கெஞ்சிட்டு இருந்தேன்" என்றான். கண்ணில் தண்ணீர் வேறு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

நெவேனா எழுந்து, "பொய், பொய்" என்று கத்தினாள். வாழ்நாளில் முதல்முறையாக எதிர்த்துப் பேசினாள், அதுவும் தப்பான இடத்தில், தப்பான நேரத்தில். சிரித்த முகம் ஒரு பக்கம், கத்துகிற பொம்பளை ஒரு பக்கம். நீதிபதி யாரை நம்புவாள்? உத்தரவு கிடைக்கவில்லை. பிள்ளை யாரிடம் இருப்பது என்ற வழக்கு முடியும்வரை சனிக்கிழமைகளில் அப்பனோடு இருக்கலாம் என்று வேறு ஆனது. கலினாவுக்குப் பதினொன்று நடப்பதால் அடுத்த தடவை அவளையும் நேரில் கேட்பார்கள்.

வெளியே நடைபாதையில் அவன் எங்களுக்காகவே காத்திருந்தான். பையிலிருந்து சூரியகாந்தி விதையை எடுத்துக் கொறித்துக்கொண்டு நின்றான்.

"பாட்டை வச்சுத்தானே சோதிச்சுப் பார்த்தே, நெவேனா? எல்லாரும் அதைத்தான் செய்வாங்க. பாட்டு, வீடியோ, கேம் இந்தச் சத்தத்தையெல்லாம் ஃபோன் பதிவுக்குக் கொடுக்கும். அதுலயும் வேண்டாம்னு அடைச்சு வச்சிருக்கிற ஆப் உண்டு, அப்போ படம் மட்டும்தான் வரும். ஆனா அழைப்புன்னா ஆப்பே அதுல 'இது ரெண்டு பேர் பேச்சு'ன்னு அடையாளம் போட்டுடும். அதை ஃபோன் செத்தாலும் கொடுக்காது. மைக்கும் அப்போ அழைப்பு கையில. பதிவுக்குக் கிடைக்கிறது வெறும் மௌனம். என் கடைக்கு இதுக்காகவே அழுதுட்டு வராங்க தெரியுமா? செத்துப்போன அம்மாவோட பேசினதுங்கிறான் ஒருத்தன், குரலை எடுத்துக்கொடுங்கிறான். உள்ள ஏறாததை எங்கேர்ந்து எடுக்கிறது?"

"பாவி, தெரிஞ்சேதான் பேசினியா?" என்றேன்.

"அக்கா, அவ திரையை விரலால இழுக்கிறது எனக்குத் தெரியாதா? தொழிலே அதுதானே." நெவேனாவின் கோட்டுக் காலரைச் சரிசெய்துவிட்டு, "இன்னும் நிறைய பதிவு பண்ணு கண்ணு. உன் மூஞ்சி அதுல அழகாவே இருக்கு" என்று சொல்லிப் போனான். காவலாளி பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு அன்பான மனிதன் என்று அவனும் நினைத்திருப்பான்.

அன்று சலூனில் நெவேனா நாற்காலியில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். இன்னொரு செல்போனைப் பக்கத்தில் வைத்து ஸ்பீக்கரில் பேசவிட்டிருந்தால் எல்லாம் சுலபமாகப் பதிவாகியிருக்கும். இது அப்போது யாருக்கும் தோன்றவில்லை. இனிமேல் அவன் அழைக்கப் போவதும் இல்லை. அவனுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது.

"கலினா உதட்டைப் பார்த்தே படிப்பாளேடீ. அவகிட்ட காட்டினா..."

நெவேனா துள்ளி எழுந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது. "அவ கண்ணுல அது படவே கூடாது."

"சரி, அவளோட டீச்சர்கிட்டயாவது..."

"யார்கிட்டயும் வேண்டாம் அக்கா. யாரும் பார்க்க வேண்டாம். உங்க கால்ல விழறேன்."

பெற்ற மனம், பிள்ளைக்கு அந்த நஞ்சைக் காட்டத் துணியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவளை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது. நான் அவ்வளவு கெட்டிக்காரி.

சனிக்கிழமைகளில் கலினாவை விட்டுவருவதும் கூட்டிவருவதும் என் பொறுப்பு. நெவேனா அவன் முகத்தைப் பார்க்க மறுத்துவிட்டாள். அடுத்த விசாரணைக்குக் கொஞ்சநாள் முன்பு, ஒரு சனிக்கிழமை மத்தியானம், கூட்டிவரப் போனேன். சந்தையில் நல்ல கூட்டம். ஒக்னியானின் கடைமுன் செல்போனை நீட்டிக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். உள்ளே ஸ்டூலில் கலினா. மடியில் ஒரு டேப்லெட்.

"வாங்க அக்கா! உங்க பேத்தி மாதிரி வளர்க்கிறீங்களே, அவளைப் பாருங்க" என்றான் ஒக்னியான் குஷியாக. "உங்க அம்மா என்னைப் பத்திப் பொய் சொல்றா, நீயே பாருன்னு கோர்ட்டுல எனக்கும் கொடுத்த வீடியோவைப் போட்டுக் கொடுத்தேன். அப்பா எப்படிச் சிரிக்கிறேன் பாருன்னேன். காலையிலேர்ந்து மாத்தி மாத்தி அதையேதான் பார்க்கிறா. கீழ வைக்க மாட்டேங்குறா. ரத்த பாசம்!"

நான் கிட்டே போய்ப் பார்த்தேன். கலினா இரண்டு விரலால் திரையை விரிப்பாள், நிறுத்துவாள், கொஞ்சம் பின்னால் தள்ளுவாள், மறுபடி ஓடவிடுவாள். அவள் உதடும் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. வீடியோவில் அவன் அவளிடம் பேசவில்லையே. வாயை அகட்டாமல், இழுக்காமல், சாதாரணமாக, கேமராவுக்கு நேராக, ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் பேசியிருந்தான். அவள் பிறந்ததிலிருந்து பார்த்த உதடு. படிக்க இதைவிட வசதி வேண்டுமா?

என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். டேப்லெட்டைக் கடை மேசை மேல் வைத்தாள். கலினாவுக்குத் தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்று தெரியாது. சந்தை முழுக்கக் கேட்டது.

"அப்பா. 'அந்தச் செவிட்டுச் சனியனை உன்கிட்டேர்ந்து பிடுங்கி எங்கயாவது அநாதை விடுதியில தள்ளுவேன்.' எந்த விடுதி?"

ஒக்னியான் சிரித்தான். அது பழக்கம். பிறகுதான் புரிந்தது. சிரிப்பு இருந்த இடத்திலேயே உறைந்துவிட்டது.

"அம்மா மூஞ்சியில ஊத்தறது எங்க இருக்கு?" என்று கலினா கேட்டாள். கோபம் இல்லை, அழுகை இல்லை. பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோல் கேட்டாள். "இந்த டப்பாவா?" என்று அலமாரியில் இருந்த ஏதோ சுத்திகரிப்புத் திரவத்தைக் காட்டினாள்.

செல்போனை நீட்டிக்கொண்டிருந்தவர்கள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். எதிர்க்கடையில் மிளகாய் விற்கும் பெண் எழுந்து நின்றாள். "என்னடா சொல்றா பொண்ணு?" என்றாள். ஒக்னியான் மகளின் தோளைப் பிடித்து, பழையபடி வாயை மாடு மாதிரி அகட்டி, "நீ-த-ப்-பா..." என்று ஆரம்பித்தான். கலினா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அவன் கையைத் தட்டிவிட்டேன். கொஞ்சம் பலமாகவே தட்டினேன். இன்னும் பலமாகத் தட்டியிருக்கலாம்.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். வக்கீல் கலினாவின் டீச்சரை நீதிமன்றத்துக்கு வரவழைத்தாள். தெரியாத ஆளின் உதட்டில் பாதிகூடப் பிடிபடாது என்று டீச்சர் ஒளிக்காமல் சொன்னார். ஆனால் அவன் திரும்பத் திரும்பச் சொன்ன சில வாக்கியங்கள் சந்தேகமில்லாமல் தெரிகின்றன என்று எழுதிக்கொடுத்தார். அவரிடம் கேட்டது பெரிய முகத்தைப் பற்றி மட்டும்தான். அவரும் அதை மட்டும்தான் பார்த்தார். நீதிபதி கலினாவைத் தனி அறையில், சைகை தெரிந்தவரை வைத்துக் கேட்டாள். நீதிபதி வெளியே வந்தபோது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை அழுக்குக்காக இல்லை. உத்தரவு கிடைத்தது. பிள்ளையும் தாயிடம். ஒக்னியானின் கடைக்கு ஆள் வருவது நின்றது. கோடை வருமுன் கடையை மூடிவிட்டு எங்கோ போனான். போகும்போதுகூட அவன் பெட்டியைத் தூக்க யாரும் கை கொடுக்கவில்லை. நான் வாசலில் நின்று பார்த்தேன். மனதுக்குக் குளிர்ச்சியாக இருந்தது, மறைக்க மாட்டேன்.

அந்த வாரமே நெவேனா கலினாவுக்கு முடி வெட்ட உட்காரவைத்தாள். நான் கேக் கொண்டுபோயிருந்தேன். நெவேனா பாடிக்கொண்டே வெட்டினாள். அவள் பாடி நான் கேட்டதே இல்லை. கலினா கண்ணாடியில் அம்மாவின் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நீயும் சொன்னே" என்றாள் திடீரென்று.

"என்னடா கண்ணு?"

"மூலையில. சின்னக் கட்டத்துல. சின்னதா இருந்துச்சு, பெரிசாக்கிப் பார்த்தேன்." கலினா அந்தச் சத்தமான, ஏற்ற இறக்கம் இல்லாத குரலில் சொன்னாள். "'கூட்டிட்டுப் போ. அவளை வேணும்னா கூட்டிட்டுப் போ. என்னை மட்டும் விட்டுடு.' ரெண்டு வீடியோவுல சொல்லியிருக்கே. ஜட்ஜம்மாகிட்ட நான் சொல்லலை."

கத்தரிக்கோல் நின்றது. யாருக்கும் காட்டாதே என்று என் மணிக்கட்டில் பதிந்த நகம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"இல்ல" என்றாள் நெவேனா முதலில். அதைவிட மோசமான வார்த்தை அவளுக்கு அகப்பட்டிருக்காது. கலினா கண்ணாடி வழியாக அந்த 'இல்ல'வைப் படித்தாள். உடனே நெவேனா நாற்காலியைச் சுற்றி வந்து, வெட்டிய மயிர் மேலேயே மண்டியிட்டு, மகளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். சைகை செய்யக் கை வேண்டும் என்பதுகூட அவளுக்கு மறந்துவிட்டது.

கலினா கண்ணை மூடிக்கொண்டாள்.

காது கேட்கிற பிள்ளை என்றால் கதவைச் சாத்தும், காதைப் பொத்தும், அப்படியும் கொஞ்சம் உள்ளே போகும். இவள் இமையை மூடினால் அவ்வளவுதான், உலகமே வெளியே நிற்க வேண்டும். நெவேனாவுக்கு அது தெரியாதா? தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. பயத்தில் வந்த வார்த்தை என்றாள், அந்த நொடி அவனைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் தெரியவில்லை என்றாள், பெற்ற அன்று உன்னை எப்படித் தூக்கினேன் தெரியுமா என்றாள், மன்னித்துவிடு என்றாள், மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள். குரல் கம்மும்வரை பேசினாள்.

அதில் ஒரு வார்த்தை விடாமல் கேட்டவள் நான் ஒருத்திதான்.